அண்ணைக்கு எழுதும் மின்னஞ்சல்

பிரான்ஸில் ஒரு முதலாளி தன் தொழிலாளியை வாய்ச் சொல்லால் வேலையிலிருந்து நீக்க முடியாது. முதலில் அழைப்புக் கடிதம் கொடுக்க வேண்டும், பிறகு நேரில் பேச வேண்டும், அதன் பின் காரணங்களை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். இந்தப் படிகளைத் தாண்டி, ‘நாளையிலிருந்து வராதே’ என்று வாயால் சொன்னால் அந்த நீக்கம் நியாயமான காரணம் இல்லாத நீக்கமாகவே கருதப்படும், முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும். சட்டம் தொழிலாளியின் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் அந்தச் சொல் சொல்லப்பட்டது என்பதை யார் நிரூபிப்பது? அந்தப் பொறுப்பும் தொழிலாளியுடையதே. பாரிஸில் தமிழர்கள் சம்பந்தப்பட்ட பல தகராறுகள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன.

லா ஷப்பல் பக்கத்து உணவகங்களிலும், நகரெங்கும் உள்ள பிரெஞ்சு உணவகங்களின் சமையலறைகளிலும் இலங்கைத் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வேலை செய்கிறார்கள். முதலாளியோ மேலாளரோ தமிழர் என்றால் அவர் ‘அண்ணை’. அண்ணையிடம் கணக்குக் கேட்பதே சங்கடம், இதில் கடிதம் எழுதுவது பகை. வேலைக்குச் சேர்வது, நேரம் கூடுவது, மாதக் கடைசியில் கையில் காசு வாங்குவது எல்லாம் பேச்சிலேயே முடிந்துவிடுகின்றன. உறவு நன்றாக இருக்கும்வரை இதனால் யாருக்கும் சேதமில்லை. உறவு கெட்ட அன்று ஒருவரின் கையில் சம்பளச் சீட்டுகளும் ஒப்பந்தமும் கோப்பாக இருக்கும், இன்னொருவரின் கையில் நினைவு மட்டும் இருக்கும்.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, நடப்பது கற்பனையல்ல. குமார் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார், காய்கறி வெட்டுகிறார். வாரம் 39 மணி நேரம் என்பது ஒப்பந்தம். உண்மையில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு நாளும் காலை 10.30 முதல் மதியம் 3 வரையும், மாலை 7 முதல் இரவு 10.30 வரையும் நிற்கிறார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. சம்பளச் சீட்டில் மாதம் 169 மணி நேரம் என்றுதான் இருக்கும், அது வாரம் 39க்கான கணக்கு. மிச்சத்துக்குக் கையில் 200 யூரோ.

அவருக்கு உண்மையில் எவ்வளவு சேர வேண்டும் என்று பார்ப்போம். ஹோட்டல், கஃபே, உணவகங்களுக்கான கூட்டு ஒப்பந்தப்படி 40ஆவது மணியிலிருந்து 43ஆவது மணி வரை 20 சதவீதம் கூடுதலும், 44ஆவது மணியிலிருந்து 50 சதவீதம் கூடுதலும் தர வேண்டும். மணிக்கு 12.50 யூரோ அடிப்படைச் சம்பளம் என்று வைத்தால், முதல் நான்கு மணிக்கு 15 யூரோ வீதம் 60 யூரோ, அடுத்த ஐந்து மணிக்கு 18.75 வீதம் 93.75 யூரோ. வாரத்துக்கு 153.75, நான்கு வாரத்துக்கு 615 யூரோ. கையில் வந்த 200ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தகராறின் அளவு தெரியும்.

சம்பளத் தகராறில் மூன்று ஆண்டுகள் பின்னோக்கிப் போய்க் கேட்கலாம். சம்பளச் சீட்டைப் பேசாமல் வாங்கிக்கொண்டார் என்பதற்காக உரிமை போய்விடாது என்றும் தொழிற்சட்டம் சொல்கிறது. ஆகவே இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டோமே என்று குமார் மனம் தளர வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட வழக்கு போகும் இடம் கோன்செய் த ப்ருதோம் என்ற தொழில் நீதிமன்றம். 1806இல் லியோன் நகரத்துப் பட்டுத் தொழிலுக்காகத் தொடங்கப்பட்ட அமைப்பு அது. இன்றும் அங்கே தீர்ப்பு சொல்பவர்கள் தொழில்முறை நீதிபதிகள் அல்ல. தொழிலாளர் தரப்பில் இரண்டு பேர், முதலாளிகள் தரப்பில் இரண்டு பேர். கருத்து சமமாகப் பிரிந்தால்தான் தொழில்முறை நீதிபதி ஒருவர் வந்து முடிவு செய்வார். நீதிமன்றம் என்றதும் மணிக்கணக்கான குறுக்கு விசாரணையும் சாட்சிக் கூண்டும் நம் மனதில் வரும். அங்கே அப்படி நடப்பதில்லை. இரு தரப்பும் தங்கள் காகிதங்களுக்கு எண் போட்டு முன்கூட்டியே பரிமாறிக்கொள்கிறார்கள். விசாரணை நாளில் வழக்கறிஞர் பேசுவது கொஞ்ச நேரம்தான். பிறகு அந்த நான்கு பேரும் கோப்பைப் பிரித்து, ‘ஆவணம் 7’ என்ன சொல்கிறது என்று படிக்கிறார்கள். குமாரின் முகத்தையோ குரலையோ வைத்து அவர்கள் தீர்ப்பு எழுதுவதில்லை.

அங்கே சான்றுக்கு வடிவக் கட்டுப்பாடு இல்லை. மின்னஞ்சல், குறுஞ்செய்தி, வேலை அட்டவணையின் படம், மெட்ரோ பயண விவரம், கைப்பட எழுதிய டைரி எல்லாம் செல்லும். ‘நானே எனக்காக எழுதியது எப்படிச் சான்றாகும்?’ என்று பலர் தயங்குகிறார்கள். வேலை நேரத்தைப் பொறுத்தவரை இந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. உண்மையில் எத்தனை மணி நேரம் வேலை நடந்தது என்று காட்டும் பொறுப்பு முதலாளிக்கும் உண்டு என்று தொழிற்சட்டம் சொல்கிறது. தொழிலாளி கொண்டுவருவது முதலாளி பதில் சொல்லக்கூடிய அளவுக்குத் துல்லியமாக இருந்தால் போதும் என்று பிரான்ஸின் உச்ச நீதிமன்றமான கூர் த கஸாசியோன் 2020 மார்ச் 18 தீர்ப்பில் தெளிவாக்கியது. நாள்வாரியாக எழுதிய அட்டவணை அந்த அளவுகோலைத் தொடும். ‘ரொம்ப நேரம் வேலை செய்தேன்’ என்ற வாக்கியம் தொடாது. முதலாளி அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? ‘இல்லை’ என்பதைத் தவிர எதுவுமில்லை.

கதைக்கு வருவோம். குமார் ஒரு நாள் மிகைநேரக் கணக்கைக் கேட்டுவிட்டார். செவ்வாய் இரவு, வேலை முடிந்து உடை மாற்றும்போது அண்ணை வந்து சொல்கிறார்: “தம்பி, நாளையில இருந்து வர வேண்டாம். தேவையெண்டால் கூப்பிடுறன்.” குமார் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார். ஒரு வாரம் கழித்துப் பதிவுத் தபால் வருகிறது. நீங்கள் காரணம் சொல்லாமல் வேலைக்கு வரவில்லை, 15 நாளுக்குள் காரணம் தெரிவித்து வேலைக்குத் திரும்புங்கள், இல்லாவிட்டால் நீங்களாகவே விலகியதாகக் கருதப்படும் என்று அதில் எழுதியிருக்கிறது.

இந்த ‘விலகியதாகக் கருதுதல்’ 2022 டிசம்பர் சட்டத்தில் சேர்ந்து, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வேலையைக் கைவிட்டுப் போனவர் என்று முதலாளி எழுதி, குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து, அதற்குள் ஆள் திரும்பாவிட்டால் அது ராஜினாமா. ராஜினாமா என்றால் வேலையில்லாக் காலப் பணம் பொதுவாகக் கிடைக்காது. அதற்கு முன்பு ‘வராதே’ என்று வாயால் சொல்லப்பட்டவர் பேசாமல் வீட்டில் இருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் இந்த நிலைக்கு வரமாட்டார். இப்போது அந்த மௌனத்துக்கு விலை கூடிவிட்டது. போகச் சொன்னவர், ‘அவனாகத்தான் போனான்’ என்று எழுத வழி பிறந்திருக்கிறது. அதை மறுக்கும் காகிதம் எதுவும் குமாரிடம் இல்லை.

அந்தச் செவ்வாய் இரவிலேயே குமார் ஏதோ எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோபத்தில் எல்லோரும் எழுதுவது போல:

“அண்ணை, நீங்கள் எனக்குச் செய்தது பெரிய அநியாயம். ரெண்டு வருஷமா அடிமை மாதிரி வேலை வாங்கினீங்கள். எப்பவும் கூட நேரம், ஒருநாளும் ஒழுங்காக் காசு இல்லை. இனி உங்கட கடைப் பக்கம் வர மாட்டன். என்ர காசைத் தராட்டி எல்லாருக்கும் சொல்லி உங்களை மூட வைப்பன்.”

இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் இது குமாருக்கு எதிரான ஆவணமாக முதலாளியின் கோப்பில் போய்ச் சேரும். ‘இனி வர மாட்டன்’ என்பதை அவருடைய வழக்கறிஞர் மஞ்சள் பேனாவால் கோடிட்டு, ஆள் தானாக விலகினார் என்று வாதிடுவார். ராஜினாமா ஐயத்துக்கு இடமில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்வதால் இந்த வாதம் வெல்லும் என்று உறுதியில்லை. ஆனாலும் தேவையில்லாத ஒரு போரை குமார் தானே திறந்துவிட்டார். ‘எப்பவும்’, ‘ஒருநாளும்’ என்ற சொற்களை உடைக்க ஒரே ஒரு விதிவிலக்கு போதும். சரியாகக் காசு வந்த ஒரு மாதத்தின் சீட்டைக் காட்டினால் மீதி முழுவதும் மிகையாகிவிடும். கடைசி வரி மிரட்டல். ‘அடிமை’ என்பது குமாரின் வலி, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் படிப்பவருக்கு அதிலிருந்து எந்தத் தகவலும் கிடைப்பதில்லை. எந்த நாள், எத்தனை மணி, யார், என்ன சொன்னார் என்ற நான்கில் ஒன்றுகூட அந்தக் கடிதத்தில் இல்லை.

மறுநாள் காலை செய்ய வேண்டிய முதல் வேலை, வேலைக்குப் போவது. வாசலில் திருப்பி அனுப்பினாலும் போக வேண்டும். பிறகு அன்றைக்கே எழுத வேண்டியது இது:

“வணக்கம். நேற்று, மார்ச் 10 செவ்வாய்க்கிழமை, இரவு 10.35 மணியளவில், நான் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது நீங்கள் என்னிடம் தமிழில், நாளையிலிருந்து வர வேண்டாம், தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்று சொன்னீர்கள். சமையல்காரர் அப்போது எங்கள் பக்கத்தில் இருந்தார். இன்று, மார்ச் 11 புதன்கிழமை, காலை 10.25க்கு வழக்கம்போல் வேலைக்கு வந்தேன். நீங்கள் என்னைத் திரும்பிப் போகச் சொன்னீர்கள். 10.40க்குப் புறப்பட்டேன். எனக்கு எழுத்தில் எதுவும் தரப்படவில்லை. நான் வேலையை விடவில்லை, என் ஒப்பந்தப்படி வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.”

இதில் ஒரு உரிச்சொல்கூட இல்லை. அண்ணை கெட்டவர் என்றோ, ஏன் இப்படிச் செய்தார் என்றோ குமார் சொல்லவில்லை. பழிவாங்கத்தான் செய்தார் என்று அவர் நம்பலாம், ஆனால் அது அவருடைய ஊகம். ஊகத்தைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு: ‘மார்ச் 8 ஞாயிற்றுக்கிழமை நான் உங்களிடம் மிகைநேரக் கணக்கைக் கேட்டேன்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இரண்டு நாள் இடைவெளியைத் தேதிகளே காட்டிவிடும். காரணத்தைப் படிப்பவர் தானே ஊகிப்பார், தானே கண்டுபிடித்ததை அவர் எளிதில் விடமாட்டார்.

‘10.35 மணியளவில்’ என்பதில் ‘அளவில்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். தெரியாத துல்லியத்தைத் தெரிந்ததாகக் காட்டக் கூடாது. சொன்ன வார்த்தைகளை முடிந்தவரை அப்படியே எழுத வேண்டும், ‘என்னை விரட்டினார்’ என்று சுருக்கக் கூடாது. விரட்டினாரா இல்லையா என்பது நீதிமன்றம் எடுக்க வேண்டிய முடிவு. ‘தயாராக இருக்கிறேன்’ என்ற வரிக்கு இந்தக் கடிதத்திலேயே கனம் அதிகம். வேலை செய்யத் தயாராக நின்ற தொழிலாளிக்கு வேலை கொடுக்காவிட்டாலும், ஒப்பந்தம் நிற்கும்வரை சம்பளம் உண்டு. அவர் வர மறுத்தார் என்று காட்ட வேண்டியது முதலாளி. இந்த வரி முன்பே இருந்தால், பின்னால் வரும் ‘வேலையைக் கைவிட்டீர்கள்’ என்ற பதிவுத் தபால் பாதி பலம் இழந்துதான் வந்து சேரும். அது வந்தாலும் மௌனம் கூடாது, முந்தைய மின்னஞ்சலைக் குறிப்பிட்டு உடனே பதில் எழுத வேண்டும்.

மிகைநேரத்துக்கு வேறொரு மின்னஞ்சல், வேறொரு நாளில். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டும் மங்கிப்போகும். ‘பிப்ரவரி மாதச் சம்பளச் சீட்டில் 169 மணி நேரம் உள்ளது. நான் வேலை செய்த நேரங்களை நாள்வாரியாக இணைத்திருக்கிறேன். மிகைநேரத்துக்காக 200 யூரோ கையில் பெற்றேன். மீதியைக் கணக்கிட்டுத் தரவும்’ என்று நான்கு வாக்கியம் போதும். கையில் வாங்கிய 200ஐ ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. தனக்குப் பாதகமானதையும் எழுதியவரின் மற்றக் கணக்குகளையும் நம்பலாம் என்று படிப்பவருக்குத் தோன்றும். அதோடு, சீட்டில் குறைத்துக் காட்டி மீதியைக் கையில் கொடுத்ததை அந்த வரியே பதிவு செய்கிறது. வேண்டுமென்றே நேரத்தைக் குறைத்து எழுதியது நிரூபணமானால் அது மறைக்கப்பட்ட வேலை, ஒப்பந்தம் முறிந்தபின் ஆறு மாதச் சம்பளம் இழப்பீடாக வரும்.

அட்டவணையில்தான் பலர் வழக்கைக் கோட்டைவிடுகிறார்கள். எல்லா நாளுக்கும் எட்டு மணி என்று நகலெடுத்து ஒட்டிக்கொண்டே போவதால் உணவகம் மூடியிருக்கும் திங்கட்கிழமையும் அதில் விழுந்துவிடும், ஊருக்குப் போயிருந்த மூன்று வாரமும் விழுந்துவிடும். எதிர்த்தரப்பு விமானச் சீட்டைக் காட்டினால் உண்மையான மணிகளும் அதோடு அடிபட்டுப் போகும். அன்றன்று எழுதி வைப்பதே நல்லது. வேலை முடிந்த நேரத்தைத் தன் சொந்த மின்னஞ்சலுக்கே ஒரு வரியாக அனுப்பி வைத்தாலும் தேதி பதிந்துவிடும். இரண்டு வருடம் கழித்து நினைவிலிருந்து தயாரித்த அட்டவணையையும் நீதிமன்றம் பார்க்கும், ஆனால் அதை எளிதில் தாக்கலாம்.

மொழிச் சிக்கல் தமிழர்களுக்கே உரியது. முதலாளியோடு வாட்ஸப்பில் தமிழிலோ, ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழிலோ பேசியிருப்பார்கள். அவை சான்றாகும், குறுஞ்செய்தியை எழுதியவருக்கு அது பதிவாகும் என்று தெரியும் என்பதால் 2007இலேயே உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு இல்லாத காகிதத்தை நீதிபதி ஒதுக்கிவைக்கலாம். நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளர் மூலம் கொடுப்பது பாதுகாப்பு. திரைப்படம் எடுத்து வைக்கும்போது அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும், கைபேசியையும் தொலைக்கக் கூடாது. புதிதாக எழுதும் மின்னஞ்சலைப் பிரெஞ்சில் எழுதலாம். நான்கு சொல் கொண்ட எளிய இறந்தகால வாக்கியங்களே அங்கும் சிறந்தவை. பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் அலங்காரமாக எழுதிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ‘இதை நீங்கள்தான் எழுதினீர்களா?’ என்ற கேள்வியை அது வரவழைக்கும்.

ரகசியமாக ஒலிப்பதிவு செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2023 டிசம்பர் 22 தீர்ப்புக்குப் பிறகு அப்படிப்பட்ட பதிவு தானாகவே தள்ளுபடி ஆவதில்லை. ஆனால் வேறு வழியில் நிரூபிக்கவே முடியாதா, மற்றவரின் அந்தரங்கத்தில் அளவுக்கு மீறி நுழைந்திருக்கிறதா என்று நீதிபதி எடைபோடுவார். எளிய மின்னஞ்சல் ஒன்று எழுதியிருக்க முடியும் என்றால் பதிவின் தேவையே கேள்விக்குள்ளாகும். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: பதிவை முதல் ஆயுதமாக எடுக்கக் கூடாது.

அனுப்பும் விதத்தில் இரண்டே எச்சரிக்கை. உணவகத்தின் மின்னஞ்சலிலிருந்து அனுப்பக் கூடாது, வேலை போன மறுநாள் அந்தப் பெட்டி மூடப்பட்டுவிடும். அதே வரிகளைப் பெற்ற ஒப்புதலோடு பதிவுத் தபாலிலும் அனுப்புவது நல்லது, ‘எனக்கு வரவில்லை’ என்ற பதிலை அது அடைத்துவிடும். ‘பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதுவேன்’ என்று முடிப்பவர்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் மௌனம் பொதுவாகச் சம்மதம் அல்ல, ஆகவே அந்த வரிக்குப் பயனில்லை. ஆனால் தேதியோடும் மணியோடும் எழுதிய கடிதத்தை முதலாளி மாதக்கணக்கில் மறுக்கவே இல்லை என்றால், ஆவணம் 7ஐப் படிக்கும் நான்கு பேரும் அதைக் கவனிக்கத்தான் செய்வார்கள்.

இவ்வளவு நல்ல மின்னஞ்சலாலும் முடியாத ஒன்று உண்டு, அதைத் தெரியாமல்தான் பலர் காலத்தைத் தொலைக்கிறார்கள். எழுதுவதாலோ பதிவுத் தபால் அனுப்புவதாலோ கெடு நிற்காது. நீக்கத்தை எதிர்க்க 12 மாதம், சம்பளத்துக்கு மூன்று ஆண்டு. முதலாளி கடனை ஒப்புக்கொண்டால் ஒழிய, நீதிமன்றத்தில் மனுவைப் பதிந்த நாளில்தான் அந்தக் கடிகாரம் நிற்கும். அண்ணை ‘பாப்பம் தம்பி, அடுத்த மாசம் பேசுவம்’ என்று நல்ல விதமாகவே பதில் எழுதிக்கொண்டிருந்தாலும், பன்னிரண்டாவது மாதம் முடிவதற்குள் குமார் தொழிற்சங்கத்து ஆள் ஒருவருடனோ வழக்கறிஞருடனோ ப்ருதோம் வாசலுக்குப் போயிருக்க வேண்டும்.